ஒரு குழுவுக்கு ஒரு முகவரி: டர்பன் அலுவலகத்தில் மூன்று வழிகளையும் முயன்று பார்த்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் நிறுவனத்தில் நான் சுங்க ஆவணங்களைக் கவனித்து வருகிறேன். அலுவலகத்தில் எங்களுக்கெனத் தனியாகக் கணினித் துறை எதுவும் இல்லாததால், மின்னஞ்சல் நிர்வாகமும் சில ஆண்டுகளாக என் பொறுப்பிலேயே இருக்கிறது. இறக்குமதிப் பிரிவில் நாங்கள் ஐந்து பேர். கப்பல் நிறுவனங்களும் சரக்கின் உரிமையாளர்களும் எங்களுக்கு எழுதுவது `imports@` என்று தொடங்கும் ஒரே முகவரிக்குத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு முகவரி மட்டுமே. ஆனால் அந்த முகவரியின் பின்னால் சர்வரில் இருப்பது அலியாஸா, விநியோகப் பட்டியலா, பகிர்வுப் பெட்டியா என்பதைப் பொறுத்து எங்கள் வேலை எவ்வளவு மாறிப்போகிறது என்பதை மூன்றையும் வரிசையாகப் பயன்படுத்திய பிறகே நான் புரிந்துகொண்டேன். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் இருந்தது குழு அலியாஸ். பழைய வெப் ஹோஸ்டிங்கில், `imports` என்ற பெயருக்கு எதிரே ஐந்து முகவரிகளை எழுதி வைத்திருந்தோம். போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரில் அது `/etc/aliases` கோப்பில் ஒரே ஒரு வரிதான்:

```
imports: member1, member2, member3, member4@example.net, member5@example.net
```

இந்த வரிக்குப் பெட்டியும் இல்லை, உரிமையாளரும் இல்லை. வரும் மடலின் உறையில், அதாவது சர்வர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முகவரிக் குறிப்பில், பெறுநர் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடும். மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கான ஆர்.எஃப்.சி. 5321 அலியாஸையும் லிஸ்ட்டையும் பிரித்துக் காட்டுவது இந்த இடத்தில்தான். அலியாஸில் உறையின் அனுப்புநர் முகவரி மாறாமல் அப்படியே இருக்கும். லிஸ்ட்டில் அந்த இடத்தில் பட்டியலை நிர்வகிப்பவரின் முகவரி வைக்கப்படும். ஏட்டில் இது சிறிய வேறுபாடாகத்தான் தெரிகிறது. எங்களுக்கு அது இரண்டு வகையில் தொல்லையாக வந்தது.

ஐவரில் இருவர் தங்கள் சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார். வரியிலிருந்து அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. பின்னர் அவருடைய பெட்டி நிரம்பியது. உறையில் அனுப்புநராகக் கப்பல் நிறுவனமே இருந்ததால், மடல் சேரவில்லை என்ற திரும்பு அறிவிப்பு எங்களிடம் வராமல் அந்த நிறுவனத்துக்கே போனது. அந்த அறிவிப்பில் வேலையை விட்டவரின் சொந்த முகவரியும் தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் பழுது இருப்பதை வெளியார் ஒருவர் தொலைபேசியில் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

இரண்டாவது தொல்லையைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. ஒரு மடலைக் கொண்டு வரும் சர்வருக்கு, உறையிலுள்ள அனுப்புநரின் டொமைன் சார்பில் அனுப்ப அனுமதி உண்டா என்பதைத்தான் எஸ்.பி.எஃப். சோதனை பார்க்கிறது. கப்பல் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய உறையை ஜிமெயிலுக்குக் கொண்டு சென்றதோ எங்கள் ஹோஸ்டிங் சர்வர். அனுமதிப் பட்டியலில் அது இருக்க வழியில்லை. அனுப்புநரின் சர்வர் டிகிம் எனும் மின்கையொப்பம் இட்டிருந்தால், உள்ளடக்கம் மாறாத வரை அந்தக் கையொப்பம் செல்லுபடியாகும். மடலும் பெரும்பாலும் தப்பிவிடும். கையொப்பம் இல்லாமல் அனுப்பும் சிறு நிறுவனங்களின் மடல்கள் ஸ்பாமுக்குப் போயின. ஆகவே ஒரே மடல் நால்வருக்குக் கிடைத்து ஒருவருக்கு மட்டும் கிடைக்காமல் போகும். கிடைக்காதவருக்கு அப்படி ஒரு மடல் இருந்ததே தெரியாது. ஜிமெயிலில் மடலின் மூலத்தைத் திறந்து `Authentication-Results` என்ற வரியைப் பாருங்கள். `spf=fail` அல்லது `spf=softfail` என்று இருந்து, மடலைக் கொண்டு வந்தது உங்கள் சொந்த சர்வராகவும் இருந்தால், நீங்கள் சந்திப்பது இதே சிக்கல்தான்.

அதன் பிறகு நிறுவனம் மைக்ரோசாஃப்ட் 365 சேவைக்கு மாறியது. ஐவருக்கும் அலுவலக முகவரி கிடைத்தது. `imports@` முகவரியை நான் விநியோகப் பட்டியலாக அமைத்தேன். அலியாஸை விட நல்ல பெயர் கொண்ட அதே பொருள் என்றே அப்போது நினைத்தேன். முதல் வாரத்திலேயே பாடம் கிடைத்தது. பவர்ஷெல் வழியாக உருவாக்கப்படும் பட்டியல், நாம் மாற்றாத வரை, நிறுவனத்துக்குள் இருப்பவர்களின் மடலை மட்டுமே ஏற்கும். எங்களுக்குள் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. வெளியிலிருந்து எழுதியவர்களுக்கோ `550 5.7.133` என்ற எண்ணுடன் மடல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. புதிய குழு முகவரியை வெளியிலுள்ள ஒரு முகவரியிலிருந்து சோதிக்காமல் யாருக்கும் அறிவிக்கக் கூடாது என்பதை அன்றிலிருந்து நான் தவறாமல் கடைப்பிடிக்கிறேன். திருத்தம் ஒரே கட்டளைதான்:

```
Set-DistributionGroup imports@example.com -RequireSenderAuthenticationEnabled $false
```

அதன்பின் பல மாதங்கள் பட்டியல் நன்றாகவே ஓடியது. அதன் உண்மையான குறை ஓர் ஈஸ்டர் வாரத்தில் வெளிப்பட்டது. அந்தச் சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து பருப்பு ஏற்றிய ஒரு கொள்கலன் வந்துகொண்டிருந்தது. கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் எடை 18,400 கிலோ. பேக்கிங் லிஸ்ட்டில் 18,040 கிலோ. எங்கோ தட்டச்சில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. எது சரி என்று கேட்டு, புனித வெள்ளிக்கு முந்தைய வியாழக்கிழமை பிற்பகலில் கப்பல் நிறுவனம் `imports@` முகவரிக்கு எழுதியது. மடலின் பிரதி ஐவருக்கும் வந்தது. எங்களில் மூத்தவரான அக்கா உடனே பதில் எழுதினார்: பேக்கிங் லிஸ்ட்டே சரி, பில் ஆஃப் லேடிங்கைத் திருத்த என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் பதில் பட்டனை அழுத்தியதும் மடல் அவருடைய சொந்த அலுவலக முகவரியிலிருந்து சென்றது. அன்று மாலையே கப்பல் நிறுவனம் தேவையான ஆவணங்களைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பியது. அந்தப் பதில் பட்டியலுக்கு வரவில்லை. அக்காவின் பெட்டிக்கு மட்டுமே வந்தது.

அக்கா அதற்குள் கிளம்பியிருந்தார். ஈஸ்டர் நாட்களில் அவருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் சேவை உண்டு. அது முடிந்து அடுத்த வியாழக்கிழமைதான் வேலைக்குத் திரும்புவதாக விடுப்பு எடுத்திருந்தார். வெள்ளியும் திங்களும் இந்த நாட்டில் பொது விடுமுறை. செவ்வாய்க்கிழமை நாங்கள் நால்வரும் அலுவலகத்தில் இருந்தோம். கப்பல் நிறுவனத்தின் முதல் கேள்வி எங்கள் ஒவ்வொருவரின் பெட்டியிலும் கிடந்தது. அக்கா பதில் எழுதிவிட்டார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். பதில் வந்துவிட்டது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஆகவே கப்பல் நிறுவனத்தின் பதிலுக்காக நாங்கள் காத்திருந்தோம். எங்கள் ஆவணங்களுக்காக அவர்கள் காத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் அக்கா வந்து தம் பெட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் கொள்கலனின் இலவச நாட்கள் கடந்துவிட்டன. நான்கு நாள் தாமதக் கட்டணமான டெமரேஜை வாடிக்கையாளரிடம் கேட்க எங்களுக்கு முகம் இல்லை, நிறுவனமே கட்டியது.

“தம்பி, நான் பதில் போட்டேனே, அது எப்படி யாருக்கும் தெரியாமல் போனது?” என்று அக்கா கேட்டார். அவர் மீது ஒரு தவறும் இல்லை. விநியோகப் பட்டியல் மடலைப் பிரதியெடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்த பின் ஒதுங்கிவிடுகிறது. அந்த நொடியிலிருந்து ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து மடல்கள் ஐந்து பெட்டிகளில் இருக்கின்றன. ஒருவர் படித்தது மற்றவருக்குத் தெரியாது. ஒருவர் எழுதிய பதில் மற்றவரின் திரையில் வராது. அந்தப் பதிலுக்கு வரும் மறுபதில் குழுவைவிட்டே வெளியேறிவிடும். எப்போதும் குழு முகவரியைச் சி.சி.யில் சேருங்கள் என்று விதி வைக்கலாம், நாங்களும் வைத்திருந்தோம். அவசரத்தில் ஒருவர் மறந்தால் போதும், விதி உடைந்துவிடும். அதோடு வெளியிலிருப்பவரும் ஒவ்வொரு முறையும் ‘அனைவருக்கும் பதில்’ என்பதை அழுத்த வேண்டும். நம் வேலை ஒழுங்காக நடப்பதை அவருடைய பழக்கத்தின் மேல் கட்டுவது சரியில்லை.

இதற்குப் பிறகுதான் பகிர்வுப் பெட்டிக்கு, அதாவது ஷேர்டு மெயில்பாக்ஸுக்கு மாறத் தீர்மானித்தோம். ஒரு சாதாரணப் பெட்டியைத் திறந்து அதன் கடவுச்சொல்லை ஐவரும் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. வேலையை விட்டுப் போகிறவர் கடவுச்சொல்லையும் நினைவில் எடுத்துச் செல்கிறார். எந்த மடலை யார் அழித்தார் என்பதையும் கண்டறிய முடியாது. பகிர்வுப் பெட்டிக்கு அப்படிப்பட்ட கடவுச்சொல் தேவையில்லை. அதன் பின்னால் உள்ள கணக்கில் நேரடி உள்நுழைவைத் தடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து, அதன் உரிமையால் அந்தப் பெட்டியைத் திறக்கிறார்கள். 50 ஜி.பி. வரை அதற்குத் தனி உரிமக் கட்டணமும் கிடையாது.

உரிமைகள் இரண்டு, அவை வேறு வேறு. பெட்டியைத் திறந்து படிக்கும் உரிமை ஒன்று. அந்த முகவரியின் பெயரில் அனுப்பும் உரிமை மற்றொன்று. முதலாவதைக் கொடுத்தால் இரண்டாவதும் சேர்ந்து வரும் என்று நினைத்து நான் விட்டுவிட்டதால், முதல் நாளில் எல்லோருக்கும் அனுப்ப அனுமதி இல்லை என்ற அறிவிப்பே வந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டையும் தர வேண்டும்:

```
Add-MailboxPermission imports@example.com -User member1@example.com -AccessRights FullAccess
Add-RecipientPermission imports@example.com -Trustee member1@example.com -AccessRights SendAs
```

கட்டளை ஓடிய உடனே உரிமை வேலை செய்யாமல் இருக்கலாம். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் முயல்வது நல்லது. அதற்குள் பொறுமையிழந்து உரிமைகளை எடுத்து எடுத்துச் சேர்த்தால் குழப்பமே மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய நோய் வேறு உருவில் திரும்பி வந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே கேள்விக்கு இருவர் பதில் எழுதிவிட்டார்கள். இருவரும் இருவேறு டெலிவரி தேதிகளைக் குறிப்பிட்டிருந்தார்கள். பெட்டி பொதுவாக இருக்கும்போது இது எப்படி நடந்தது என்று தேடினேன். பகிர்வுப் பெட்டியிலிருந்து அனுப்பப்படும் மடலின் பிரதி, வேறு விதமாக அமைக்காத வரை, அனுப்பியவரின் சொந்த ‘அனுப்பியவை’ கோப்புறையில் சேர்கிறது. ஆக, வருகிற மடல்கள் பொதுவாகவும் போகிற மடல்கள் தனித்தனியாகவும் இருந்தன. அக்காவின் பதில் மறைந்திருந்ததும் இந்த இடத்தில்தான் என்பதால், பகிர்வுப் பெட்டியைத் தேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டிய அமைப்பாக நான் கருதுவது இதுவே:

```
Set-Mailbox imports@example.com -MessageCopyForSentAsEnabled $true -MessageCopyForSendOnBehalfEnabled $true
```

இதை இயக்கிய பின் நானே பகிர்வுப் பெட்டியிலிருந்து ஒரு மடல் அனுப்பி, அதன் ‘அனுப்பியவை’ கோப்புறையில் அது தெரிகிறதா என்று வேறொருவரின் கணினியில் பார்த்தேன். இயக்குவதற்கு முன் அனுப்பிய மடல்கள் தாமாக அங்கே வந்து சேராது. தேவையானவற்றை ஒவ்வொருவரும் கையால் இழுத்துப் போட்டோம்.

அழிக்கும் மடல்களிலும் இதே போன்ற ஒன்று உண்டு. வழக்கமான டெஸ்க்டாப் அவுட்லுக்கில், பகிர்வுப் பெட்டியிலிருந்து அழிக்கப்பட்ட மடல் அழித்தவரின் சொந்தக் குப்பைக் கோப்புறைக்குப் போகக்கூடும். ஒரு மடல் காணாமல் போனால் பெட்டியில் மட்டும் தேடாமல், ஐவரின் குப்பைக் கோப்புறைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் அழிப்பதையே நிறுத்திவிட்டு, ‘முடிந்தவை’ என்ற கோப்புறைக்கு நகர்த்துவதை வழக்கமாக்கினோம்.

பகிர்வுப் பெட்டியில் எல்லோரும் தடுமாறும் மற்றொரு இடம் படித்த அடையாளம். ஒருவர் திறந்தவுடன் எல்லோருக்கும் அது படித்ததாகத் தோன்றும். தடித்த எழுத்தில் இருப்பதே புதியது என்று கண்கள் பழகியிருப்பதால், ஒருவர் சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடிய மடல் அனைவர் பார்வையிலிருந்தும் நழுவிவிடும். இதற்கு நாங்கள் கண்ட வழி, படித்த நிலையை நம்பாமல் வகைக் குறியை நம்புவது. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு வகையை அந்தப் பெட்டியிலேயே உருவாக்கி ஒரு நிறம் கொடுத்தோம். மடலை எடுத்துக்கொள்பவர் பதில் எழுதத் தொடங்கும் முன் தம் நிறத்தை அதில் இடுவார். இன்பாக்ஸில் நிறமில்லாமல் இருப்பது யாரும் தொடாதது. நிறத்துடன் இருப்பது நடந்துகொண்டிருப்பது. இந்த ஏற்பாட்டின் பயனை மின்வெட்டு நாட்களில் நன்றாக உணர்ந்தேன். அப்போது லோட் ஷெட்டிங் நகரின் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்தது. அலுவலகத்தில் மின்சாரம் இல்லாத வேளையில், சாட்ஸ்வொர்த்தில் தம் வீட்டில் இருந்த சக ஊழியர் கைபேசியில் பெட்டியைத் திறந்து, நிறமில்லாத மடல்களை மட்டும் எடுத்து முடித்தார். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அவர் யாரையும் அழைத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கைபேசியில் மட்டும் அந்தப் பெட்டி தானாகத் தோன்றாது. அவுட்லுக் செயலியில் ஒவ்வொருவரும் ஒருமுறை அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலிலிருந்து பெட்டிக்கு மாறும் நாளைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். ஒரே முகவரி இரண்டு பொருள்களுக்கு இருக்க முடியாது என்பதால், பழைய பட்டியலிலிருந்து முகவரியை எடுத்துவிட்டுத்தான் பெட்டிக்குக் கொடுக்க முடியும். வெளியிலிருந்து வரும் மடலுக்கு இதில் சிரமம் இல்லை. எங்கள் நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் மடல் திரும்பியது. அவர்களுடைய அவுட்லுக் பெறுநர் பெயரைத் தானாக நிரப்பும்போது, நாம் பார்க்கும் முகவரியை அல்லாமல் பழைய பட்டியலின் உள் அடையாளத்தை நினைவில் வைத்திருந்தது. `IMCEAEX` என்று தொடங்கும் நீண்ட சரத்துடன் திரும்பி வந்த மடலே அதன் அறிகுறி. பட்டியலை நீக்கும் முன் அந்த அடையாளத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, புதிய பெட்டிக்கு `X500` முகவரியாகச் சேர்த்தால் சிக்கல் தீரும். அடையாளத்தைப் பார்க்கும் கட்டளை இது:

```
Get-DistributionGroup imports@example.com | Format-List LegacyExchangeDN
```

நான் குறித்து வைக்காமல் நீக்கிவிட்டேன். கணக்குப் பிரிவில் இருந்த ஒவ்வொருவரிடமும் சென்று, அவர்களுடைய திரையில் தானாக வரும் பெயரைக் கையால் அழித்து, முகவரியைப் புதிதாகத் தட்டச்சு செய்ய வைத்தேன்.

விநியோகப் பட்டியலை நாங்கள் முற்றாக விட்டுவிடவில்லை. கப்பல்களின் வருகை அட்டவணை வாரந்தோறும் வருகிறது. அதற்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. கிடங்கில் இருப்பவர்களும் லாரி ஓட்டும் ஒப்பந்தக்காரரும் ஜோகன்னஸ்பர்க் சிட்டி டீப் உலர்துறைமுகத்தில் எங்களுக்காக வேலை செய்யும் வெளி நிறுவனமும் அதைப் படித்தால் போதும். வெளியாரைப் பகிர்வுப் பெட்டியில் சேர்க்க முடியாது. பட்டியலில் வெளி முகவரியையும் காண்டாக்ட்டாகப் பதிந்து சேர்க்கலாம். ஆகவே `arrivals@` என்ற முகவரி இன்றும் பட்டியலாகவே இருக்கிறது. அதில் வாடிக்கையாளரின் ஆவணங்கள் எதுவும் போகக் கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பட்டியல் ஒருமுறை பிரதியெடுத்து வெளியாரின் பெட்டியில் போட்டதை நாம் திரும்ப எடுக்க முடியாது. தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் அமலாக்கத்தில் இருப்பதால், சரக்கு உரிமையாளரின் அடையாள எண்ணும் முகவரியும் அடங்கிய தாள் ஒரு ஜிமெயில் பெட்டியில் தங்கிவிட்டால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.

அலியாஸுக்கும் ஒரு சிறிய இடம் இருக்கிறது. பலருக்கு விரியும் பழைய வகை அலியாஸை நாங்கள் மறுபடியும் வைக்கவில்லை. ஒரே பெட்டிக்கு இன்னொரு பெயராக இருக்கும் வகையை மட்டும் வைத்திருக்கிறோம். கடைசி எழுத்தை விட்டு `import@` என்று எழுதுபவர்களின் மடலும், நிறுவனத்தின் பழைய டொமைனுக்கு இன்னும் எழுதும் இரண்டு தூத்துக்குடி ஏற்றுமதியாளர்களின் மடலும் அவ்வழியாக அதே பகிர்வுப் பெட்டிக்கு வந்து, மற்ற மடல்களைப் போலவே நிறமில்லாமல் காத்திருக்கின்றன.